போனிலும் இருக்கிறது என்பது காப்புப் பிரதி ஆகாது



கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும் ரியூசன் நடத்தும் தம்பி தங்கச்சிமாரும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

நெல்லியடியில் எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நாலு பேர் சேர்ந்து வன்நோட்டில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். தரம் 11 பிள்ளைகளுக்கான மாதிரி வினாக்கள், விடைகள், எந்தப் பிள்ளை எந்த அலகில் பின்னுக்கு நிற்கிறது என்ற குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான். நாலு பேருடைய போனிலும் லப்டொப்பிலும் ஒரே குறிப்பேடு திறக்கும். அதனால் "ஒருவருடையது போனாலும் மற்ற மூன்று பேரிடமும் இருக்கும்தானே" என்று நிம்மதியாக இருந்தோம். அந்த நிம்மதிதான் பிழை.

ஜூன் 24ஆம் திகதி பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கக் குந்தியபோது இரண்டு விடயங்கள் காணவில்லை. ஒன்று, "மாதிரி வினாக்கள்" என்ற பிரிவு முழுவதும். மற்றது, வேறொரு பிரிவில் பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றிய மூன்று பக்கங்கள். நாலு பேரும் திறந்து பார்த்தோம். நாலு இடத்திலும் இல்லை. ஏன் இருக்கும்? ஒருவர் அழித்தால், அந்த அழிப்பும் மற்ற மூன்று பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எழுதியதைப் பகிர்வது போலவே அழித்ததையும் அது பகிரும்.

விசாரித்துப் பார்த்தால், சித்திரை விடுமுறைக்குள் ஒரு ரீச்சர் பழையவற்றை ஒதுக்கும்போது, ஏப்ரல் 10ஆம் திகதி, அந்தப் பிரிவு தவறுதலாக அழிபட்டிருக்கிறது. பக்கங்கள் மூன்றும் மே 20 அளவில் போனில் விரல் பட்டுப் போனவை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நாளைக்கு அது எங்களில் யாராகவும் இருக்கலாம்.

முதலில் பக்கங்களைத் தேடினோம். கணினியில் உள்ள வன்நோட்டில் History என்ற தாவலுக்குப் போய் Notebook Recycle Bin என்பதை அழுத்தினால் அந்தக் குறிப்பேட்டின் குப்பைக்கூடை திறக்கும். தனித்தனியாக அழித்த பக்கங்கள் அதற்குள் Deleted Pages என்ற தலைப்பின் கீழும், முழுதாக அழித்த பிரிவுகள் தனித் தாவல்களாகவும் நிற்கும். எங்கள் மூன்று பக்கங்களும் அங்கே இருந்தன. பக்கத்தின் பெயரில் வலது பக்கமாக அழுத்தி, Move or Copy எடுத்து, பழைய பிரிவைத் தெரிவு செய்து Move கொடுத்தோம். ஒரு நிமிட வேலை. கணினி இல்லாதவர்கள் இணைய உலாவியில் வன்நோட்டைத் திறந்தால் View தாவலில் Deleted Notes என்று இருக்கும்.

ஆனால் "மாதிரி வினாக்கள்" பிரிவு அங்கே இல்லை. அந்தக் கூடையில் எதுவும் 60 நாள்தான் தங்கும். அதன் பிறகு தானாகவே நிரந்தரமாகப் போய்விடும். மே 20இல் அழிந்த பக்கங்களுக்கு 35 நாள், தப்பின. ஏப்ரல் 10இல் அழிந்த பிரிவுக்கு 75 நாள், தப்பவில்லை. பாடசாலைத் தவணையோடு பார்த்தால் 60 நாள் மிகக் குறைவு. ஒரு தவணையில் அழிந்ததை அடுத்த தவணையில்தான் நாங்கள் தேடுவோம்.

சந்தியில் கேட்டபோது, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அது இங்கே சரிவராது. குறிப்பேட்டின் மூலப்பிரதி இருப்பது இணையக் களஞ்சியத்தில். எங்கள் லப்டொப்பின் வன்தட்டைத் துருவி அதை எடுக்க முடியாது.

கடைசியில் கைகொடுத்தது கரவெட்டியில் இருக்கும் எங்கள் சேர் ஒருவரின் பழைய லப்டொப். விண்டோஸ் கணினியில் நிறுவிய வன்நோட், தான் திறந்திருக்கும் நேரத்தில், குறிப்பேட்டின் பிரிவுகளை அந்தக் கணினியிலேயே தனியாகப் பிரதி எடுத்து வைக்கும். File, பிறகு Info, அதற்குள் Open Backups. குறிப்பேட்டின் பெயரில் ஒரு கோப்புறை வரும். அதைத் திறந்தால் ஒவ்வொரு பிரிவும் திகதியோடு நிற்கும். "மாதிரி வினாக்கள்" ஏப்ரல் 2, ஏப்ரல் 6 என்று இரண்டு பிரதிகளாக இருந்தது. ஏப்ரல் 6ஐத் திறந்தோம். அது வாசிக்க மட்டுமே தரும், எழுத விடாது. பயப்பட வேண்டாம். இடது பக்கம் Open Sections என்பதன் கீழ் நிற்கும் அந்தப் பிரிவை வலது பக்கமாக அழுத்தி, அதே Move or Copy மூலம் குறிப்பேட்டுக்குள் Copy செய்ய வேண்டும். அதைச் செய்தவுடன் மற்ற மூன்று பேரின் போனிலும் பிரிவு திரும்ப வந்து நின்றது.

முழுதும் வந்ததா என்றால், இல்லை. ஏப்ரல் 8ஆம் திகதி போனில் சேர்த்த விடைகள் வரவில்லை. அன்றைக்கு அந்த லப்டொப் திறக்கப்படவே இல்லை. போனில் எழுதியதைக் கணினி திறந்தால்தான் பிரதி எடுக்கும்.

இன்னொன்றையும் கவனித்தோம். முழுப் பிரிவு அழிந்ததால்தான் அதன் பழைய பிரதிகள் அப்படியே நின்றன. ஆனால் தினமும் எழுதும் பிரிவில் ஒரு பக்கம் மட்டும் போனால் கதை வேறு. புதுப் பிரதிகள் வர வர, பழையவை கழிந்துவிடும். File, Options, Save & Backup என்ற இடத்தில் எத்தனை பிரதி வைப்பது என்று ஓர் எண் இருக்கும். வழக்கமாக அது 2 தான். அந்தப் பக்கம் இல்லாத பிரதிகள் இரண்டு வந்துவிட்டால், பக்கம் இருந்த பிரதி போய்விட்டது. நாங்கள் அந்த எண்ணை 20 ஆக்கிவிட்டோம். எழுத்துக் குறிப்புகள் பெரிய இடம் பிடிப்பதில்லை.

எங்கள் கருத்து இதுதான். பகிர்ந்த குறிப்பேடு வைத்திருக்கும் ஒவ்வொரு பாடக் குழுவும் காப்புப் பிரதிக்கென்று ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அவரிடம் வன்நோட் நிறுவிய விண்டோஸ் கணினி ஒன்று இருக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து, எல்லாம் வந்து சேரும்வரை பொறுத்து, அதே Save & Backup பக்கத்தில் உள்ள Back Up All Notebooks Now என்பதை அழுத்த வேண்டும். தவணை முடிவில் பிரதிக் கோப்புறையை ஒரு பென் ட்ரைவில் போட்டு அலுமாரியில் வைக்க வேண்டும். அந்தக் கோப்புறை இருக்கும் இடமும் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். லப்டொப் பழுதானால் அதற்குள் இருக்கும் பிரதிகளும் சேர்ந்தே போகும் என்பதால்தான் பென் ட்ரைவ்.

"எல்லோரும் பார்ப்போம்" என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. எங்கள் நாலு பேருக்கும் நடந்தது அதுதான். சேரின் லப்டொப்பில் பிரதி இருந்ததும் எங்கள் கெட்டித்தனம் அல்ல, தற்செயல்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. Notebook Recycle Bin என்பதன் கீழ் விரியும் பட்டியலில் Empty Recycle Bin, Disable History for This Notebook என்று இரண்டு இருக்கும். இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று அவற்றை அழுத்திவிடாதீர்கள். முதலாவது கூடையைக் காலியாக்கும். இரண்டாவது பக்கங்களின் பழைய பதிப்புகளையும் சேர்த்துத் துடைக்கும். அந்த 60 நாள் அவகாசமும் அதோடு போய்விடும்.

இன்றைக்கே உங்கள் குறிப்பேட்டின் கூடையை ஒருக்கால் திறந்து பாருங்கள். 60 நாள் முடியாத ஏதாவது உள்ளே கிடக்கக்கூடும். செய்முறையில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்வோம்.