பேரன் இரவு தங்கப் போகிறான்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை. பள்ளியிலிருந்து வந்த என் பேரன் புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றான். "தாத்தா, நாளைக்கு ராத்திரி நான் என் ஃபிரெண்ட் வீட்ல தங்கிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில அவங்ககூட இருக்கன்குடி போறேன்" என்றான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கப் போகிறேன் என்று பேரன் சொன்னால் எந்தத் தாத்தாவுக்குத்தான் மறுக்க மனம் வரும்? மகனும் மருமகளும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். "அப்பா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்.

நம் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை என்று வாசகர்களில் பலருக்குத் தோன்றலாம். முழுப்பரீட்சை விடுமுறை விட்டால் அத்தை வீட்டில் பத்து நாள், சித்தி வீட்டில் பத்து நாள் என்று திரிந்தவர்கள்தாம் நாமெல்லாம். ஆனால் அந்த வீடுகளில் யார் எங்கே படுப்பார், எந்த மாமா கோபக்காரர், கொல்லைக் கிணற்றுக்குச் சுவர் உண்டா இல்லையா என்பதெல்லாம் நம் பெற்றோருக்கு முன்பே தெரியும். பள்ளித் தோழனின் வீடு அப்படியில்லை. அவன் பெயர் தெரியும், அவன் தந்தையைப் பள்ளி வாசலில் இரண்டு முறை பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். உறவினர் வீட்டைப் பற்றி நமக்குத் தானாகத் தெரிந்திருந்ததைத் தோழன் வீட்டைப் பற்றிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தப் பையனின் ஊர் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையில் உள்ள ஒரு கிராமம். தந்தை, உரிமம் பெற்ற பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேன். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது.

வங்கியில் கிளை மேலாளராக இருந்தபோது, கடன் கொடுத்த இடங்களுக்கு நேரில் சென்று பார்த்து வருவது என் வேலைகளில் ஒன்று. அவ்வாறு ஒரு நாள் கறவை மாட்டுக் கடன் வாங்கிய ஒருவரின் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் மாட்டைக் காணோம். குறுக்கே கட்டிய கயிறுகளில் கன்னங்கரேலென்று நூல் நூலாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. அதன் அடியிலேயே பாய் விரித்து ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என்னுடன் வந்த கடைநிலை ஊழியர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, "சார், அது கருந்திரி" என்றார்.

வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் "மருந்து" என்றால் அது வைத்தியர் கொடுப்பதன்று. பட்டாசுக்குள் அடைக்கும் வெடிக் கலவைக்கே அந்தப் பெயர். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகியவற்றைக் கஞ்சிப் பசையில் குழைத்து, வெள்ளை நூலை அதில் தோய்த்து வெயிலில் உலர்த்தினால் கருந்திரி கிடைக்கும். பட்டாசின் தலையில் நாம் பற்றவைக்கிறோமே, அதன் தொடக்கம் இதுதான். உரிமம் பெற்ற இடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளிக் கட்டிய அறைகளில் செய்ய வேண்டிய வேலை இது. தீபாவளி நெருங்க நெருங்கத் தேவை கூடுவதால் சில வீடுகளில் மறைவாகவும் நடக்கிறது. காய்ந்த திரிக்கு ஒரு பொறி போதும். அடுப்பிலிருந்தோ, மின்கம்பியிலிருந்தோ, இரும்புப் பாத்திரம் தரையில் உரசுவதிலிருந்தோ அந்தப் பொறி வரலாம். 2021 ஜூன் மாதம் தாயில்பட்டியில் இவ்வாறு வீட்டில் பட்டாசு செய்த இடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் ஒரு சிறுவனும் உயிரிழந்தான்.

இரவு தங்குவது என்னும்போது இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கலந்த மருந்தை அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும், மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்கக்கூடாது என்பது ஆலைகளில் பாலபாடம். அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது யாரும் தொடாமலேயே உள்ளுக்குள் சூடேறும். மிச்ச மருந்தை வைத்துவிட்டுப் போய், மறுநாள் கதவைத் திறந்த போது விபத்து நேர்ந்தது என்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆலைக்கே அந்த விதி என்றால், இரவில் பிள்ளைகள் படுத்துறங்கும் வீட்டைப் பற்றி என்ன சொல்ல!

அதற்காக, பட்டாசுத் தொழிலாளி வீடு என்றாலே பிள்ளையை அனுப்பக்கூடாது என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். வெற்றுக் காகிதக் குழாய் சுற்றுவது, அட்டைப் பெட்டி ஒட்டுவது போன்ற வேலைகள் எத்தனையோ வீடுகளில் நடக்கின்றன. அவற்றில் மருந்து இல்லை, காகிதமும் பசையும்தாம். ஆகவே "நீங்கள் பட்டாசு வேலை செய்கிறீர்களா?" என்று கேட்பதால் பயனில்லை. கேட்கப்பட்டவர் மனம் நோகும், கேட்டவருக்கும் விஷயம் தெரியாது. மருந்து வீட்டுக்குள் வருகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று இரவு வெகுநேரம் யோசித்தேன். என் மனைவி சொன்னாள்: "நம்ம பையனைப் பத்தி முதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் அவங்க வீட்டைப் பத்திக் கேளுங்க." அது நல்ல யோசனையாகவே இருந்தது. மறுநாள் காலை அந்தத் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, பேரனை அழைச்சதுக்கு ரொம்ப சந்தோஷம். அவன் கொஞ்சம் துறுதுறுன்னு இருப்பான், எதைக் கண்டாலும் எடுத்துப் பார்ப்பான். அதனாலதான் கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. வீட்ல மருந்தோ திரியோ ஏதும் வச்சிருக்கீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "எங்க வீட்ல ஒரு குண்டுமணி மருந்து கெடையாதுங்க ஐயா. நான் ஆலையில பாக்குறவன், எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரம்மா குழாய் மட்டும் சுத்துவாங்க" என்றார்.

இத்துடன் நான் நிறுத்தியிருப்பேன். ஆனால் 2016-ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் சிவகாசியில் நடந்தது நினைவுக்கு வந்தது. பட்டாசு இருந்த இடம் தீப்பற்றியபோது, அதன் புகை பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து, பரிசோதனைக்கு வந்திருந்தவர்கள் உட்படப் பலர் மூச்சுத்திணறி இறந்தார்கள். அவர்களுக்கும் பட்டாசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனவே "அக்கம்பக்கத்துல எப்படித் தம்பி?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு தணிந்த குரலில், "பின்னாடி வீட்ல திரி போடுறாங்க ஐயா. நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம்" என்றார்.

அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. தம் பிள்ளை நாள்தோறும் உறங்கும் இடத்தைப் பற்றித்தான் அவர் சொன்னார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. என் பேரனுக்கு ஓர் இரவு ஆகாத இடத்தில் அவர் மகன் ஆண்டு முழுவதும் இருக்கிறான்.

அடுத்துக் கேட்க நினைத்திருந்த கேள்வியையும் கேட்டேன். அன்றிரவு வீட்டில் யார் யார் இருப்பார்கள்? திருவிழாச் சமயமாதலால் தாம் நடைப்பயணக் குழுவுடன் முதல் நாளே கிளம்பிவிடுவதாகவும், மனைவியும் பிள்ளைகளும் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் ஏழெட்டுப் பேரும் இருப்பார்கள் என்றும் சொன்னார். அவர்களில் யாரையும் நமக்குத் தெரியாது. அழைத்த தந்தையும் இருக்கமாட்டார். விருந்தாளிகள் நிறைந்த வீட்டில் யார் அருகில் யார் படுத்தார்கள் என்பதை அந்தத் தாயார் மட்டும் எப்படிக் கவனிப்பார்? பெண் குழந்தையோ ஆண் குழந்தையோ, இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கக்கூடாது என்பது என் கருத்து. "பையன் யார்கூடப் படுப்பான்?" என்று வெளிப்படையாகக் கேட்டால், நல்லவர்கள் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டு பதில்களும் சேர்ந்து முடிவை எளிதாக்கிவிட்டன. "தம்பி, இந்தத் தடவை உங்க மகனை எங்க வீட்டுக்கு அனுப்புங்க. காலையில நானே ரெண்டு பேரையும் இருக்கன்குடிக்குக் கூட்டிட்டு வர்றேன், அங்க பாத்துக்குவோம்" என்றேன். அவருக்கும் அது சரியெனப் பட்டது. வெள்ளிக்கிழமை, இருக்கன்குடியில் அவ்வளவு கூட்டத்தில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று என்பது வேறு கதை.

பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தான். அவனிடம் காரணத்தை மறைக்கவில்லை. தோழனிடம் போய் "உங்க வீடு மோசம்" என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, பின்வீட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். இன்னொன்றையும் சொல்லி வைத்தேன். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்களில் பலர் அங்கு வேலை செய்தவர்கள் அல்லர். முதலில் தீப்பிடித்த சத்தம் கேட்டு, உதவி செய்யவும் பார்க்கவும் ஓடியவர்கள். எங்கே இருந்தாலும் சரி, வெடிச் சத்தமோ புகையோ கண்டால் அதற்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும், வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது என்று இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

பின்வீட்டுத் திரியை என்ன செய்வது என்பது பல நாள் என்னை உறுத்தியது. சொன்னால் அந்தப் போர்மேன்தான் சொன்னார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசியில் அவரிடமும் கலந்துகொண்டு, யார் சொன்னது என்பது வெளிவராதபடி எனக்குத் தெரிந்த வருவாய்த்துறை அலுவலர் ஒருவரிடம் சொன்னேன். சில வாரங்களில் அங்கே திரி போடுவது நின்றுவிட்டதாக அவரே அழைத்துச் சொன்னார். நான் செய்தது சரிதானா, அந்தக் குடும்பம் இப்போது எதைக் கொண்டு பிழைக்கிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

தீபாவளி முடிந்து, ஆலைகள் மூடியிருந்த நாட்களில் அந்தத் தந்தை மறுபடியும் அழைத்தார். அதே இரண்டு கேள்விகளை மறுபடியும் கேட்டேன். அவரே சிரித்துக்கொண்டு, "பின்னாடி ஒண்ணுமில்ல ஐயா, வீட்ல நாங்க நாலு பேர்தான்" என்றார். சனிக்கிழமை மாலை நானே கொண்டுபோய் விட்டேன். விடப்போகும் சாக்கில் அரை மணி நேரம் அமர்ந்து காபி குடித்தேன். கொல்லைப்புறம் கை கழுவப் போனேன். வங்கிக்காரன் பழக்கம் விடவில்லை. மூலையில் வெள்ளைக் காகிதக் குழாய்கள் மட்டும் குவியலாக இருந்தன.

பேரனுடன் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். எந்தக் காரணத்தினாலாவது அங்கே இருக்கப் பிடிக்காவிட்டால், யார் முன்னிலையிலும் எனக்குத் தொலைபேசி செய்து, "தாத்தா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க வேண்டும், நான் எதுவும் கேட்காமல், எத்தனை மணியானாலும் வந்து அழைத்துக்கொள்வேன். பத்து வயதுப் பிள்ளைக்கு "எனக்குப் பிடிக்கவில்லை" என்று பிறர் வீட்டில் சொல்வது எளிதன்று.

இரவு ஒன்பதரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. செருப்பை மாட்டிக்கொண்டேதான் எடுத்தேன். "தாத்தா, நான் இருபத்தேழு குழாய் சுத்திட்டேன்" என்றான் பேரன். பின்னால் அந்தத் தாயார், "அதுல பத்து பிரிஞ்சு போச்சுன்னு தாத்தாகிட்ட சொல்லு" என்று சிரிப்பது கேட்டது.