மறுதேர்வில் 71 எடுத்தும் 50 தான்

நம்மூர்க் கல்லூரிகளில் அரியர் எழுதி 75 எடுத்தால் பெரும்பாலும் 75 என்றே பதிவாகும். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களில் அப்படியில்லை. முதுகலையில் ஒரு பாடத்தில் தோற்று மறுதேர்வு எழுதினால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் 50 மட்டுமே தருவார்கள். அங்கே முதுகலைக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணே அதுதான்.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் அங்கு படிக்கப் போன எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர், ஒரு பாடத்தில் 42 எடுத்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "ராத்திரி பகலா படிச்சாலும் அம்பதுதானே அண்ணா, எதுக்கு எழுதணும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மொத்தம் 180 கிரெடிட். தலா 20 கிரெடிட்டில் ஆறு பாடங்கள், ஆய்வேட்டுக்கு 60. மற்ற ஐந்து பாடங்களில் அவருடைய சராசரி 64. ஆய்வேட்டில் 66 வரும் என்று வைத்துக்கொண்டால், 42ஐ 50 ஆக்குவதால் மொத்தச் சராசரி 62.2இலிருந்து 63.1க்குப் போகும். ஒரு மதிப்பெண்கூட முழுதாக ஏறாது. தம்பி சொன்னது சரியென்றே தோன்றும்.

ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது கட்டாயப் பாடம். அதில் தேறாவிட்டால் அந்த 20 கிரெடிட் கிடைக்காது, முதுகலைப் பட்டமும் கிடைக்காது. 40க்கு மேல் எடுத்த ஒரு பாடத்தை, மற்ற பாடங்களின் மதிப்பெண்ணைப் பார்த்து விட்டுக்கொடுக்கும் வழக்கம் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. அங்கே 42 எடுத்தவர் மறுதேர்வே எழுத வேண்டியிருக்காது. இவருடைய துறை விதியில் கட்டாயப் பாடத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆக, எழுதத்தான் வேண்டும். ஆனால் 80க்குப் படிக்க வேண்டாம், பத்திரமாக 55க்குப் படித்தால் போதும் என்றேன். மிச்ச நேரத்தை ஆய்வேட்டுக்குக் கொடுக்கலாம். அதில் மூன்று மதிப்பெண் கூடினால் சராசரி முழுதாக ஒன்று ஏறும்.

பேச்சை முடிக்கும்போதுதான், தேர்வுக்கு நாலு நாள் முன்பு அப்பா இறந்ததைச் சொன்னார். துறையில் யாரிடமும் சொல்லவில்லையாம். "சாவைக் காட்டி மார்க் கேக்குற மாதிரி இருந்துச்சுண்ணா." எனக்குக் கோபம்தான் வந்தது, அவர்மேல் அல்ல. கேட்டாலே சலுகை என்று ஏசும் ஊரில் வளர்ந்த பிள்ளை வேறெப்படி நினைக்கும்?

நோய், குடும்பத்தில் சாவு போன்ற காரணங்களைச் சான்றுடன் உரிய நாளுக்குள் தெரிவித்தால், அங்கே மறுதேர்வை முதல் தேர்வாகவே கருத வழியுண்டு. அப்போது 50 என்ற வரம்பு கிடையாது. இறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் போதும். விண்ணப்பம் எழுத மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவு உதவும்.

இவர் விண்ணப்பித்தபோது கெடு முடிந்திருந்தது, ஏற்கவில்லை. மறுதேர்வில் 71 எடுத்தார். பட்டியலில் 50 என்று இருக்கிறது. ஆய்வேட்டில் 69. சராசரி 64.1, பட்டம் வந்துவிட்டது.