அழுகையா? வியர்வையா? தூக்கமா?

ஒரு வீட்டுக் கைபேசியில் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்" என்பது செய்தி.

வெளியூரில் இருக்கும் பேரன் உடனே பதில் போடுகிறான். அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. ஒரே ஒரு மஞ்சள் முகம். அந்த முகத்தில் ஒரு நீலத் துளி.

"பிள்ளை அழுகிறான்" என்கிறாள் அத்தை.

"அழவில்லை. பயத்தில் வியர்த்துக் கொட்டுகிறது" என்கிறார் மாமா.

"இரண்டும் இல்லை. தூக்கம் வருகிறது என்கிறான்! பாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இவனுக்குத் தூக்கம் கேட்கிறதா?" என்று சீறுகிறார் சித்தப்பா.

மூவரும் பார்த்தது ஒரே படம். யார் சொன்னது சரி?

ஒரு துளி, மூன்று பொருள்

எமோஜிகளுக்கு உலகம் முழுவதும் பொதுவான எண்கள் உண்டு. அந்த எண்களை வகுப்பது யூனிகோட் என்ற அமைப்பு. 2010-ம் ஆண்டு அது ஏராளமான எமோஜிகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மூன்று முகங்கள் இந்தச் சண்டைக்குக் காரணம்.

முதல் முகத்தில் துளி கண்ணுக்குக் கீழே இருக்கும். அது கண்ணீர். அழும் முகம்.

இரண்டாவது முகத்தில் துளி நெற்றி ஓரத்தில் இருக்கும். அது வியர்வை. "ஏமாற்றம்தான், ஆனாலும் ஒரு நிம்மதி" என்பது அதற்கு வைத்த பெயர்.

மூன்றாவது முகத்தில் துளி மூக்கில் இருந்து தொங்கும். அது தூக்கம் வந்த முகம். ஜப்பானியச் சித்திரக் கதைகளில், தூங்குகிறவனின் மூக்கில் ஒரு குமிழியை வரைவது வழக்கம். எமோஜி பிறந்தது ஜப்பானில். அதனால் அந்தக் குமிழியும் கூடவே வந்துவிட்டது.

பெரிய தாளில் இந்த மூன்றையும் வரைந்து காட்டினால் குழப்பம் குறைவு. நெற்றி எது, கண் எது, மூக்கு எது என்று தெரியும். ஆனால் கைபேசியில், எழுத்துக்கு நடுவே வரும் எமோஜியின் உயரம் ஓர் எழுத்தின் உயரம்தான். ஏறக்குறைய ஓர் உளுந்தம் பருப்பின் அளவு. அந்த அளவில் நெற்றிக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கும்? தலைமுடியின் கனம் சில சேர்ந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்.

பேரன் நினைத்தது கண்ணீர். அவன் விரல் தொட்டது மூக்கில் துளி தொங்கும் முகம். அவனுக்கும் அது சரியாகத் தெரியவில்லை. குற்றம் பேரன் மேல் இல்லை. படத்தின் மேல்.

வித்தியாசம் இரண்டு வேண்டும்

எமோஜித் தொகுப்பையோ ஸ்டிக்கர் தொகுப்பையோ மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "படம் அழகாக இருக்கிறதா?" என்பதைத்தான். அது முதல் கேள்வி அல்ல. "இந்தப் படத்தை அடுத்த படமாக யாராவது நினைத்துவிடுவார்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு தொகுப்பில் உள்ள எந்த இரண்டு முகங்களுக்கும் இடையே ஒரே ஒரு வித்தியாசம் இருந்தால் போதாது. இரண்டாவது வேண்டும். சிறிய அளவில் ஒன்று மறைந்துபோனாலும் மற்றொன்று காப்பாற்றும்.

அழும் முகத்துக்குக் கண்ணீர் மட்டும் இருந்தால் போதாது. வாயும் கீழ்நோக்கி நன்றாக வளைய வேண்டும். தூங்கும் முகத்துக்குக் கண்கள் மூடியிருக்க வேண்டும். குமிழி, துளி போல் கூராக இல்லாமல் உருண்டையாக இருக்க வேண்டும். வியர்க்கும் முகத்துக்குப் புருவம் உயர வேண்டும். இப்படி வரைந்தால் சித்தப்பாவுக்குக் கோபம் வராது.

சிரிப்பு கடுப்பான கதை

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. நடந்த கதையே உண்டு.

பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு முகம் இருக்கிறது. கண்களும் சிரிக்கும். இதை ஒவ்வொரு கம்பெனியும் தன் பாணியில் வரைந்திருந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஐந்து கம்பெனிகளின் படங்களை எடுத்து மக்களிடம் காட்டினார்கள். "இது நல்ல உணர்ச்சியா, கெட்ட உணர்ச்சியா?" என்று கேட்டார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது.

மற்றக் கம்பெனிகளின் படத்தை மக்கள் மகிழ்ச்சி என்றார்கள். ஆப்பிள் கம்பெனி அப்போது வரைந்திருந்த படத்துக்கோ, சராசரியாகப் பார்த்தால், கெட்ட உணர்ச்சியின் பக்கம் மதிப்பெண் விழுந்தது. சிரிப்பு, பல்லைக் கடிப்பதாகத் தெரிந்தது!

காரணம் வாய். அந்தப் படத்தில் வாய் ஏறக்குறைய நேரான பட்டை போல் இருந்தது. இரண்டு வரிசைப் பற்களும் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருந்தன. மனிதன் சிரிக்கும்போது வாயின் ஓரங்கள் மேலே போகின்றன. வலியிலோ சங்கடத்திலோ பல்லைக் கடிக்கும்போது ஓரங்கள் பக்கவாட்டில் போகின்றன. அந்த ஒரு வளைவு இல்லாததால் சிரிப்பு கடுப்பாகிவிட்டது. அதே 2016-ல் ஆப்பிள் அந்த முகத்தை மாற்றி வரைந்தது. வாயின் ஓரங்கள் மேலே ஏறின.

அந்த ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே கம்பெனியின் ஒரே படத்தைப் பார்த்தவர்கள்கூட, அது நல்லதா, கெட்டதா, நடுவா என்பதில் நான்கில் ஒரு தடவை கருத்து வேறுபட்டார்கள்.

எமோஜியில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. அனுப்பும்போது படம் போவதில்லை. அதன் எண்தான் போகிறது. வந்து சேரும் கைபேசியோ செயலியோ, தன்னிடம் உள்ள படத்தை எடுத்துக் காட்டுகிறது. அனுப்பியவர் பார்த்தது ஒரு முகம், பெறுகிறவர் பார்ப்பது வேறு முகம் என்று ஆகலாம். ஸ்டிக்கர் அப்படி இல்லை. அனுப்பிய படமே போய்ச் சேரும்.

அதனால் ஸ்டிக்கரில் தவறு வந்தால் வரைந்தவர் தப்பிக்க முடியாது.

512 புள்ளி ஏமாற்றும்

வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஒன்று 512 புள்ளி அகலம், 512 புள்ளி உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு தொகுப்பில் குறைந்தது 3 படம், அதிகம் போனால் 30 படம்.

512 புள்ளி என்பது தாராளமான இடம். வரைகிறவர் கணினித் திரையில் அதைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறார். கண் இமை, காதில் கம்மல், சட்டையில் பூ என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். ஆனால் பார்க்கிறவர் பார்ப்பது சின்ன அளவில். ஸ்டிக்கரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அது இன்னும் சின்னது.

கணக்கு எளிது. புருவத்தை 4 புள்ளி கனத்தில் வரைந்தார் என்று வைத்துக்கொள்வோம். படம் கால் பங்காகச் சுருங்கினால் புருவம் 1 புள்ளி ஆகிறது. எட்டில் ஒரு பங்கானால் அரைப் புள்ளி. திரையில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. அந்தக் கறுப்புக் கோடு பக்கத்து நிறத்தோடு கலந்து மங்கிப்போகும். சாய்ந்த புருவம்தான் கோபத்தைக் காட்டியது என்றால், புருவத்தோடு கோபமும் போய்விட்டது! 16 புள்ளி கனத்தில் வரைந்திருந்தால், எட்டில் ஒரு பங்கிலும் 2 புள்ளி மிஞ்சியிருக்கும்.

சின்ன இடத்தில் வரைய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1999-ல் ஜப்பானின் டோகோமோ கம்பெனிக்காக ஷிகேடகா குரிடா என்பவர் 176 எமோஜிகளை உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் அகலம் 12 புள்ளி, உயரம் 12 புள்ளி. மொத்தம் 144 புள்ளிகள்தான். இமைக்கும் கம்மலுக்கும் அங்கே இடமே இல்லை. எது முக்கியமோ அதை மட்டும் வரைந்தார். 2016-ல் நியூயார்க் நகரின் நவீன கலை அருங்காட்சியகம் அந்த 176 படங்களையும் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

ஒரே குடும்பச் சாயல்

தொகுப்பில் உள்ள படங்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல் இருக்க வேண்டும். இது அழகுக்காக மட்டும் அல்ல. பொருளுக்காகவும்தான்.

ஒரு ஸ்டிக்கரில் பெண்ணின் கன்னம் சிவந்திருக்கிறது. வெட்கம் என்று புரிகிறது. அதே தொகுப்பில் "நன்றி" சொல்லும்போதும் கன்னம் சிவந்திருக்கிறது. "போய் வருகிறேன்" என்னும்போதும் சிவந்திருக்கிறது. அப்படியானால் சிவப்பு வெட்கம் இல்லை, வெறும் அலங்காரம். இனி வெட்கத்தை எப்படிக் காட்டுவது?

முகத்தின் அளவும் அப்படியே. ஒன்பது படத்தில் தலை ஒரே அளவு, பத்தாவதில் மட்டும் பெரிது என்றால், அவள் கத்துகிறாள் என்றே தோன்றும். எது மாறினாலும் அதற்குப் பொருள் இருக்க வேண்டும். பொருள் இல்லாதது மாறக் கூடாது.

வீட்டிலேயே சோதனை

காசு கொடுத்துத் தொகுப்பு வாங்குகிறவர்களும், வரைந்து வெளியிடுகிறவர்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

படத்தை உண்மையான உரையாடலில் அனுப்ப வேண்டும். கைபேசியைக் கை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு திரையைக் கறுப்பு நிறத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளைத் திரையில் நன்றாகத் தெரிந்த கறுப்புத் தலைமுடி, கறுப்புத் திரையில் காணாமல் போகலாம். படத்தைச் சுற்றி 8 புள்ளி கனத்தில் வெள்ளை விளிம்பு போடும்படி வாட்ஸ்அப் யோசனை சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாக, அதை வரையாத ஒருவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் மூத்தவராக இருந்தால் மிக நல்லது. "இது அழுகிறதா?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால், ஆமாம் என்றுதான் பதில் வரும். "இவன் என்ன சொல்கிறான்?" என்று மட்டும் கேட்க வேண்டும். நாலு பேரிடம் கேட்டு நாலு பதில் வந்தால் அந்தப் படம் தேறாது.

எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இந்தப் படங்கள் விளையாட்டு அல்ல. அவைதான் கடிதம். கடிதத்தில் "அழுகிறேன்" என்று எழுதியதை "தூங்குகிறேன்" என்று படிக்கும்படி யாராவது அச்சடிப்பார்களா? படத்தில் மட்டும் அது ஏன் நடக்க வேண்டும்?

கண்ணீர் கண்ணில் இருக்கட்டும். பார்த்த உடனே, அது கண்ணீர் என்று பாட்டிக்கும் தெரியட்டும்.