வங்கி கேட்பது வீட்டுப் பத்திரம்... முதலீட்டாளர் கேட்பது கம்பெனியில் பங்கு!

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகரின் கேள்வி: அவருடைய மகனும் நண்பரும் கூட்டாகச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளாகத் தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறார்கள். ஆண்டு விற்பனை 60 லட்சம் ரூபாய். கூலி, கொப்பரை, மின்சாரம், தங்கள் சம்பளம் எல்லாம் போக, வருடத்துக்கு 9 லட்சம் கையில் நிற்கிறது. புது உலர்த்தி, பெரிய செக்கு, பாட்டில் நிரப்பும் இயந்திரம் வாங்க 40 லட்சம் வேண்டும். வங்கியில் கேட்டால், அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு வரச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், வென்ச்சர் கேபிடல் என்கிற துணிகர முதலீட்டு நிறுவனம், ‘2 கோடி தருகிறோம். வட்டி வேண்டாம், அடமானம் வேண்டாம், 25 சதவிகிதப் பங்கு போதும்’ என்கிறது. எதை வாங்குவது?

வட்டி வேண்டாம் என்று சொல்பவர் வேறு எதை எதிர்பார்க்கிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு வங்கியின் கணக்கு.

வங்கி கொடுப்பது பொதுமக்களின் டெபாசிட் பணம். 40 லட்சத்தை 11 சதவிகித வட்டியில், ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுத்தால், மாதத் தவணை சுமார் 87,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் வங்கிக்கு வட்டியாகக் கிடைப்பது 12 லட்சம் சொச்சம். எண்ணெய்க் கம்பெனி நாளைக்கே நூறு மடங்கு வளர்ந்தாலும் வங்கிக்கு அதே 12 லட்சம்தான். ஆனால், கம்பெனி படுத்துவிட்டால் 40 லட்சமும் போகும். லாபத்துக்கு எல்லை உண்டு, நஷ்டம் முழுசு. அதனால்தான் வங்கி ‘எவ்வளவு வளர்வீர்கள்?’ என்று கேட்பதில்லை. ‘தவணை தவறாமல் வருமா?’ என்று மட்டும் கேட்கிறது.

அந்தக் கேள்வியை இந்தக் கம்பெனியிடம் கேட்டால் பதில் சரியாக இல்லை. மாதம் 87,000 என்றால் வருடத்துக்கு 10 லட்சத்து 44 ஆயிரம். கையில் நிற்பதோ 9 லட்சம். வருடத் தவணையைப் போல ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்காவது வருமானம் இருக்க வேண்டும் என்று வங்கிகள் பொதுவாக எதிர்பார்க்கும். இங்கே ஒரு மடங்குகூட இல்லை. மேலாளர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதன் பொருள் இதுதான்: அவர் செக்கை நம்பிக் கடன் கொடுக்கவில்லை, வீட்டை நம்பிக் கொடுக்கிறார். தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். அதன் பிறகு 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே அடமான வீட்டை எடுத்து ஏலம் விட வங்கியால் முடியும். (விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தோப்பு இருக்கும்போதும் வங்கிக்காரர்கள் வீட்டையே கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

கடனைப் பாதியாக்கிப் பார்த்தால் கதை மாறுகிறது. 20 லட்சம் என்றால் மாதத் தவணை சுமார் 43,500. வருடத்துக்கு 5 லட்சத்து 22 ஆயிரம். 9 லட்ச வருமானம் அதைப் போல 1.7 மடங்கு. இது வங்கி ஏற்கக்கூடிய கணக்கு. உலர்த்தியையும் செக்கையும் இப்போது வாங்கிவிட்டு, பாட்டில் இயந்திரத்தைத் தள்ளிப்போடலாம். இந்த அளவுக் கடனை, குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத அறக்கட்டளையின் திட்டத்தில், சொத்து அடமானம் இல்லாமலே கொடுக்க வங்கிக்கு வழி இருக்கிறது. மேலாளரிடம் ‘சி.ஜி.டி.எம்.எஸ்.இ’ என்று அந்தத் திட்டத்தின் சுருக்கப் பெயரைச் சொல்லியே கேட்கலாம். அதற்குத் தனியாக ஆண்டுக் கட்டணம் உண்டு. ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தானே தவிர, கடன் வாங்கியவருக்கு அல்ல. அறக்கட்டளை வங்கிக்குப் பணம் கொடுத்துவிட்டாலும், வாங்கியவர் தலையில் கடன் அப்படியேதான் இருக்கும்.

இனி 2 கோடிக்கு வரலாம். துணிகர முதலீட்டு நிறுவனமும் சொந்தப் பணத்தைக் கொடுப்பதில்லை. வசதி படைத்தவர்கள், பெரிய நிறுவனங்கள் ஆகியோரிடம் திரட்டி, பெரும்பாலும் எட்டு முதல் பத்து ஆண்டுகளுக்குள் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட பணம் அது. பத்து கம்பெனிகளில் போட்டால் பாதிக்கு மேல் தேறாது என்று அவர்களுக்கே தெரியும். தேறும் ஒன்றிரண்டு, மற்ற எல்லாவற்றின் நஷ்டத்தையும் சேர்த்து ஈட்டியாக வேண்டும். அமெரிக்காவில் 1957-ல் ஏ.ஆர்.டி.சி என்ற முதலீட்டு நிறுவனம், ‘டிஜிட்டல் எக்யூப்மென்ட்’ என்ற புதிய கம்பெனியில் 70,000 டாலர் போட்டு, 70 சதவிகிதப் பங்கு வாங்கியது. அது பின்னாளில் பல கோடி டாலராகப் பெருகியது. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் தேடுவது அப்படி ஒன்றைத்தான்.

அதனால், அவர்கள் போடும்போதே குறைந்தது பத்து மடங்கு வருமா என்று பார்ப்பார்கள். 2 கோடி 20 கோடியாக வேண்டும். 25 சதவிகிதம் 20 கோடி என்றால், கம்பெனியின் மதிப்பு 80 கோடி. விற்பனையைப் போல இரண்டு மடங்கு மதிப்பு கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஆண்டு விற்பனை 40 கோடியாக வேண்டும். லிட்டர் 400 ரூபாய் என்றால், அது 10 லட்சம் லிட்டர் எண்ணெய். லிட்டருக்கு ஒன்பது காய் என்றால், 90 லட்சம் காய். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு 100 காய் என்று கணக்கிட்டால், சுமார் 1,300 ஏக்கர் தோப்பின் மொத்தக் காய்ப்பு. ஏழெட்டு ஆண்டுகளில் அந்த அளவுக்குப் போக மகனும் நண்பரும் விரும்புகிறார்களா? ஆண்டுக்கு 3 கோடி விற்று, 40 லட்சம் லாபம் பார்க்கும் கம்பெனி, ஒரு குடும்பத்துக்கு அருமையான தொழில். அந்த முதலீட்டாளருக்கோ அது தோற்றுப்போன முதலீடு.

நடுத்தரமாக முடிந்தால் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அவர்கள் வாங்குவது சாதாரணப் பங்கு அல்ல, பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. கம்பெனி விற்கப்பட்டால் போட்ட பணம், அல்லது 25 சதவிகிதம், இதில் எது அதிகமோ அதை முதலில் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி 3 கோடிக்கு விலைபோனால் 25 சதவிகிதம் என்பது 75 லட்சம்தான். ஆனால், அவர்கள் எடுப்பது 2 கோடி. முக்கால் பங்கு வைத்திருக்கும் மகனுக்கும் நண்பருக்கும் சேர்த்து மிஞ்சுவது 1 கோடி. விலை 8 கோடியைத் தாண்டினால்தான் 25-க்கு 75 என்ற பங்கு உண்மையாகும். சில ஒப்பந்தங்களில், முதலில் 2 கோடியை எடுத்துக்கொண்டு, மிச்சத்திலும் 25 சதவிகிதம் கேட்பார்கள். அப்படியானால் இருவருக்கும் மிஞ்சுவது 75 லட்சம்.

இதுபோக, இப்போதுள்ள கூட்டு நிறுவனத்தை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்ற வேண்டும். இயக்குநர் குழுவில் அவர்கள் ஆள் ஒருவர் உட்காருவார். புதுக் கடன் வாங்க, இயந்திரத்தை விற்க, சம்பளத்தை உயர்த்த அவர்கள் சம்மதம் தேவைப்படும். (உழவர் உற்பத்தியாளர் கம்பெனி நடத்துபவர்களுக்கு இந்தப் பேச்சே வராது. அங்கே பங்கு வைத்திருக்க உற்பத்தியாளராக இருக்க வேண்டும்.)

இவ்வளவுக்கும் மறுபக்கம் உண்டு. கம்பெனி நேர்மையாக நடந்து நஷ்டப்பட்டு மூடினால், முதலீட்டாளர் வீட்டு வாசலுக்கு வர முடியாது. போட்டது போனதுதான். வங்கிக் கடனில் கிடைக்காத நிம்மதி அது. ஆனால், ஒப்பந்தத்தில் ‘குறிப்பிட்ட ஆண்டுக்குள் பங்கை விற்று வெளியேற வழி கிடைக்காவிட்டால், நிறுவனர்களே இவ்வளவு லாபத்துடன் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேட வேண்டும். வாங்க வேண்டியது கம்பெனியா, மகனும் நண்பருமா என்று பார்க்க வேண்டும். அவர்கள் பெயரில் அந்தப் பொறுப்பு எழுதப்பட்டிருந்தால், அது பங்கு என்ற பெயரில் வரும் கடன். கையெழுத்துக்கு முன்பு, முதலீட்டாளர் ஏற்பாடு செய்யும் வக்கீல் அல்லாமல், குடும்பம் தானாகத் தேடிய ஒரு கம்பெனிச் சட்ட வக்கீல் அந்த வரியைப் படிக்க வேண்டும்.