முன்பெற்றாரும் அறையோலையும்

வேறோர் ஆவணத்தைச் சுட்டும் சாசனத்தைப் பதிப்பிக்கும்போது, அந்த ஆவணம் கையில் இல்லையென்றால் பதிப்பாசிரியர் என்ன செய்ய வேண்டும்? இதற்குப் பாகூர்ச் செப்பேட்டைவிடத் தெளிவான பாடம் நமக்கில்லை. நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்களைப் பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு வழங்கிய செப்பேடு அது. அதன் தமிழ்ப்பகுதி இரண்டு இடங்களில் தனக்கு வெளியே கை நீட்டுகிறது. ஊர்களை முன்பு பெற்றிருந்தவர்களை மாற்றியதாகச் சொல்கிறது. அவர்கள் யார், எந்த ஆணையால் பெற்றார்கள் என்பது அங்கே இல்லை. அரசன் திருமுகத்தைத் தலைமேல் வைத்து, எல்லை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டிய நாட்டார் விடுத்த அறையோலையையும் குறிப்பிடுகிறது. அந்த ஓலையும் இன்று இல்லை.

ஆனால் இந்த இரண்டு இன்மைகளும் ஒன்றல்ல. ஓலை அழிந்தாலும் அதில் கண்ட எல்லைகளை எழுதியவர் செப்பேட்டிலேயே திசைவாரியாக இறக்கி வைத்துவிட்டார். பின்னாளில் வழக்கு வருமானால் எல்லையில்தான் வரும். ஓலை நிலைக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். முன்பெற்றாரின் உரிமையோ அன்றோடு முடிந்தது; பெயர் எழுதத் தேவை இருக்கவில்லை. ஆகவே முன்பெற்றார் பெயரின் இன்மையை இழப்பு என்று குறிப்பில் எழுதுவது தவறு. காரைக்கால் பக்கத்துக் காசாக்குடிச் செப்பேட்டிலும் முன்பெற்றாரை மாற்றும் தொடர் வருகிறது. வாய்பாடாக வரும் தொடரை வைத்து, பாகூரில் தொலைந்துபோன ஒரு பழைய கொடைச் சாசனத்தை ஊகித்துக் கட்டமுடியாது.

வாய்பாடு என்றாலும் அதன் பின்னால் உண்மையான மனிதர்கள் இருந்திருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். இருந்திருக்கலாம். அதை மறுக்கவும் ஏட்டில் சான்றில்லை; மூலம் விட்ட இடத்தை நாம் நிரப்பக்கூடாது என்பதே என் வாதம். பகர அடைப்புக்குள் எழுத்துகளை ஊகித்து இடுவது சிதைவுக்கு உரியது. அங்கே எழுத்து இருந்து அழிந்திருக்கிறது. வெளியே சுட்டும் தொடரில் எழுத்து முழுதாக இருக்கிறது, பொருள்தான் வேறிடத்தில் இருக்கிறது. கோயில் சுவரில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். வாக்கியம் கல்லின் விளிம்பில் பாதியில் அறுந்தால், திருப்பணியில் கல் இடம் மாறியிருக்கலாம். பக்கத்துக் கல், குமுதம், ஜகதி எல்லாம் தேடியாகவேண்டும். வாக்கியம் முடிந்து, முன் சொன்னபடி என்று மட்டும் நின்றால், அதே சுவரின் மற்றக் கல்வெட்டுகளில் அதே ஊர், அதே நிலம், அதே கொடையாளி வருகிறார்களா என்று பார்க்கவேண்டும். கிடைக்காவிட்டால், எந்த ஆவணம், யார் விடுத்தது, அதன் செய்தி இங்கே எவ்வளவு படியெடுக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் அடிக்குறிப்பில் தரலாம். வில்லியனூரிலோ பாகூரிலோ நாளை புதிய கல்லொன்று கிடைத்தால், அடுத்துவரும் பதிப்பாசிரியருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூன்றும் போதும்.