கோளாறு இல்லாத கட்டில்

மருத்துவமனைக் கட்டிலின் பக்கக் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் வயதான நோயாளி ஒருவர் சிக்கிக்கொண்டால், அதைப் பற்றிய அறிக்கை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. கட்டில் சோதிக்கப்பட்டது, கம்பி ஏறி இறங்குகிறது, பூட்டு பிடிக்கிறது, எங்கும் உடைசல் இல்லை. எனவே கருவியில் கோளாறு இல்லை. நோயாளி குழப்பத்தில் இருந்தார், நர்ஸ் அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை. இதோடு கோப்பை மூடிவிடுவார்கள். கட்டில் தப்பித்துக்கொள்ளும், பழி படுத்திருந்தவர் மேலோ, ராத்திரி டியூட்டி பார்த்தவர் மேலோ விழும். இந்த முடிவை வரிக்கு வரி மறுக்க வேண்டியிருக்கிறது.

பேசுவதற்கு ஒரு நிகழ்வு வேண்டும். இத்தகைய அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் விவரங்களைக் கோத்து நானே ஒன்றை அமைத்துக்கொள்கிறேன். இது தனிப்பட்ட எவருடைய கதையும் அல்ல. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த 82 வயது அம்மா. படுக்கைப்புண் வராமலிருக்கக் கட்டிலின் பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு, மோட்டாரில் காற்று ஏறும் மெத்தையைப் போட்டிருக்கிறார்கள். தலைமாடு உயர்த்தியிருக்கிறது. இரண்டு பக்கமும் கம்பி ஏற்றிப் பூட்டியிருக்கிறது. இரவு 2.10க்கு நர்ஸ் வந்தபோது, "பாத்ரூம் போகணும்மா" என்று சொல்லிக் காலை ஓரத்துக்கு நகர்த்துகிறார். பெட்பேன் வைத்தும் போகவில்லை. 2.35க்கு நர்ஸ் மறுபடி வரும்போது அவருடைய இடுப்பு வலப்பக்கக் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே இறங்கியிருக்கிறது. மார்பு கம்பியில் அழுந்தியிருக்கிறது, முகம் மெத்தையில் புதைந்திருக்கிறது. இன்னொருவரைக் கூப்பிட்டு இருவருமாகத் தூக்கி எடுக்கிறார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். காலையில் பயோமெடிக்கல் பிரிவு வந்து பார்த்து "கோளாறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது.

எதைச் சோதித்தார்கள் என்று பார்ப்போம். காலையில் கட்டில் காலியாக இருந்தது. தலைமாட்டை இறக்கிச் சமமாக்கிவிட்டார்கள். காற்று மெத்தை ஸ்டோருக்குப் போய்விட்டது, கட்டிலில் பழைய பஞ்சு மெத்தை நடுவாகக் கிடந்தது. விரிப்பும் புதிது. அதாவது சோதனைக்கு உள்ளான கட்டில் வேறு, அந்த அம்மா சிக்கிய கட்டில் வேறு. பூட்டு பிடிக்கிறதா, திருகு இறுகியிருக்கிறதா, சக்கரப் பிரேக் நிற்கிறதா என்று பார்ப்பது தேவைதான். ஆனால் இவையெல்லாம் உடைந்துபோனதைக் கண்டுபிடிக்கும் சோதனைகள். ஆள் சிக்குவதற்கு எதுவும் உடைய வேண்டியதில்லை, ஓர் இடைவெளி இருந்தால் போதும். அந்த இடைவெளியைக் கட்டில் தனியாக உண்டாக்குவதில்லை. கட்டில், கம்பி, மெத்தை, படுத்திருப்பவரின் எடை, தலைமாட்டின் சாய்வு எல்லாம் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1995இல் பக்கக் கம்பிகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது. 2006இல் விரிவான அளவு வழிகாட்டியை வெளியிட்டது. ஆள் சிக்கக்கூடிய இடங்களை அது ஏழாகப் பிரிக்கிறது: கம்பிச் சட்டத்துக்குள்ளே, கம்பிக்கு அடியில், கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில், கம்பி முடியும் முனைக்கு அடியில், இரண்டு துண்டுக் கம்பிகளுக்கு இடையில், கம்பி முனைக்கும் தலைப்பலகை அல்லது கால்பலகைக்கும் இடையில், அந்தப் பலகைக்கும் மெத்தை நுனிக்கும் இடையில். முதல் நான்குக்கும் அளவு சொல்கிறது. தலை நுழையாமலிருக்க இடைவெளி 12 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். கம்பி முனைக்கு அடியில் கழுத்து மாட்டக்கூடும் என்பதால் அங்கே 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. அளப்பதற்குத் தலையளவு அகலமுள்ள கூம்பு ஒன்று உண்டு, எடை 6.8 கிலோ. மூன்றாவது இடத்தைச் சோதிக்கும்போது மெத்தையை எதிர்ப்பக்கமாகத் தள்ள முடிந்த மட்டும் தள்ளிவிட்டு, கூம்பைக் கம்பியோரம் கிடையாக வைத்துத் தன் எடையில் இறங்கவிட வேண்டும். நம் காலைச் சோதனையில் மெத்தையை யாரும் தள்ளவே இல்லை.

தள்ளியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? கம்பிக்குக் கம்பி உள்ளகலம் 92 சென்டிமீட்டர், மெத்தை 86 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கிடக்கும்போது பக்கத்துக்கு 3 சென்டிமீட்டர்தான் சந்து. ஒரு பக்கம் ஒதுங்கினால் மறுபக்கம் 6. டேப் வைத்து அளப்பவர் 12க்குள் இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் அந்த அம்மா காற்று மெத்தையில் அல்லவா படுத்திருந்தார்? அதன் ஓரத்தில் ஆள் எடை விழுந்தால் விளிம்பு சரிந்து உள்வாங்கும். 7 சென்டிமீட்டர் உள்வாங்கினாலே சந்து 13 ஆகிவிடுகிறது. ஆள் எடை இருக்கும்போது மட்டும் திறந்து, எடுத்தவுடன் மூடிக்கொள்ளும் சந்து இது. காலிக் கட்டிலில் தேடினால் கிடைக்காது. மோட்டார் காற்று மெத்தைகள் இப்படி எளிதில் அமுங்குவதால், மெத்தையோரச் சந்துக்கான அளவு வரம்பை அந்த வழிகாட்டியே அவற்றுக்குப் பொருத்தவில்லை; புண்ணைத் தடுக்கும் பயனையும் சிக்கும் ஆபத்தையும் சீர்தூக்கித்தான் பயன்படுத்தச் சொல்கிறது. ஆகவே "அளவுக்குள் இருக்கிறது" என்ற பதிலும் இங்கே செல்லாது.

இனி நர்ஸின் குறிப்புக்கு வருவோம். அறிக்கையில் அதற்குக் கடைசிப் பத்தியில்தான் இடம் கிடைக்கும், அதுவும் "எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" என்ற விசாரணைத் தோரணையில். அவர் எழுதியிருப்பதைப் படியுங்கள். மெத்தை இடப்பக்கமாக ஒரு கையகலம் ஒதுங்கியிருந்தது. வலப்பக்க விளிம்பு கையை வைத்தால் அமுங்கிப் போனது. அம்மா கால்மாட்டை நோக்கிச் சறுக்கியிருந்தார். கம்பியை இறக்கப் பார்த்தபோது பூட்டு விடவில்லை. ஆளைத் தூக்கிப் பாரத்தை எடுத்த பிறகுதான் விட்டது. இந்த நான்கும் கருவியைப் பற்றிய தகவல்கள். கடைசியில் சொன்னதைக் கவனிக்க வேண்டும்: பாரம் அழுத்தும்போது பூட்டு திறக்காவிட்டால், ஒரே ஆள் டியூட்டியில் இருக்கும் வார்டில் அது உயிர்ப் பிரச்சினை. காலையில் பாரமில்லாத கம்பியைப் பத்து முறை ஏற்றி இறக்கினாலும் அது தெரியவராது. அந்த இரவில் கட்டிலை அதன் உண்மையான நிலையில் பார்த்தவர் நர்ஸ் ஒருவர்தான். என்னைக் கேட்டால், பயோமெடிக்கல் ஆள் டூல் பெட்டியைத் திறக்கும் முன் அவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

நர்ஸ் பக்கத்தில் இல்லாததே காரணம் என்ற வாதத்தையும் எடுத்துக்கொள்வோம். 1985 முதல் 2009 தொடக்கம் வரை அமெரிக்க நிர்வாகத்துக்குக் கட்டிலில் சிக்கிய நிகழ்வுகளாக 803 அறிக்கைகள் வந்தன. அவற்றில் 480 பேர் இறந்தார்கள், 138 பேர் காயத்தோடு பிழைத்தார்கள். மீதி 185 பேருக்குக் காயமே இல்லை, ஊழியர்கள் வந்து விடுவித்ததால். அந்த 185 பேரைக் காப்பாற்றியது யார் என்பதை நர்ஸைக் குற்றம் சொல்பவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். அதோடு, சிக்குவது சத்தமில்லாமல் நடப்பது. மார்பு அழுந்தும்போது குரல் எழும்பாது. மூச்சை விடும்போது உடல் இன்னும் கொஞ்சம் இறங்கும், அடுத்த மூச்சுக்கு இடம் குறையும். 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பக்கக் கம்பியால் நேர்ந்த 74 மரணங்களை ஆராய்ந்தது. அவற்றில் சுமார் 70 சதவீதம், மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டி முகம் மெத்தையில் அழுந்தியவை. நம் ஊரில் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மகளுக்கும் இது கேட்காது. கட்டிலை விட்டு இறங்கினால் ஒலிக்கும் அலாரமும் உதவும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எடை இன்னும் கட்டிலின் மேலேயே இருக்கிறது.

நோயாளியின் குழப்பம் காரணம் என்பதை விரிவாக மறுக்கத் தேவையில்லை. அந்த அம்மா என்ன செய்யப் போகிறார் என்பதை 2.10க்கே தெளிவாகச் சொல்லிவிட்டார். குழம்பிய முதியவர்களுக்காகவே ஏற்றப்படும் கம்பி, குழம்பியவர் கையில் ஆபத்தாகிறது என்றால் அது கம்பியின் குறைதான்.

கடைசி வாதம் வலுவானது: கம்பி இல்லாவிட்டால் விழுந்துவிடுவார்களே? மயக்கத்தில் இருப்பவருக்கும் ஸ்ட்ரெச்சரில் போகிறவருக்கும் கம்பி வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் நடக்கத் துடிக்கும் முதியவருக்கு ஏற்றிய கம்பி, தாண்டி ஏற வேண்டிய வேலியாகிறது. அங்கிருந்து விழுந்தால் விழும் உயரமும் கூடுகிறது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கம்பிப் பயன்பாட்டைக் குறைத்துப் பார்த்த ஆய்வு 1999இல் வெளியானது. விழுபவர்களின் விகிதம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை, பலத்த காயங்கள் குறைந்தன. அதற்காக எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிடச் சொல்லவில்லை. யாருக்கு, எந்தப் பக்கம், எந்த மெத்தையோடு என்று ஆளுக்கு ஆள் முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் அந்தக் காலையில் என்ன செய்திருக்க வேண்டும்? ஆளை வேறு கட்டிலுக்கு மாற்றியதும், இந்தக் கட்டிலை விரிப்பு, மெத்தை, மோட்டார், சாய்வு எதுவும் கலையாமல் ஒதுக்கிவைத்து, படமெடுத்து, சீட்டு கட்டியிருக்க வேண்டும். பிறகு நர்ஸை நிற்கவைத்து, மெத்தை எங்கே இருந்தது என்று கேட்டு அதே இடத்துக்குத் தள்ளி, ஓரத்தை எடை வைத்து அமுக்கி, சமமாக ஒரு முறை, தலைமாட்டை உயர்த்தி ஒரு முறை அளந்திருக்க வேண்டும். பாரம் சாய்ந்த நிலையில் பூட்டையும் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். இந்தியாவில் 2015 முதல் மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் ஒன்று காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் கீழ் நடக்கிறது. எதுவும் உடையாவிட்டாலும் இந்த நிகழ்வை அங்கே அனுப்ப வேண்டும். அந்த அம்மாவுக்கு, விளிம்பு விறைப்பாக உள்ள மெத்தை, தரையோடு இறக்கிய கட்டில், கால்பக்கக் கம்பி இறக்கிய நிலை, இரவு 10க்கும் 2க்கும் நர்ஸே எழுப்பிக் கமோடு நாற்காலியில் உட்காரவைப்பது என்று அன்றே எழுதிவைத்திருக்கலாம். இதில் மெத்தையைத் தவிர வேறு எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்காது.