முறுக்கு விலை கூட்டிய கடிதம்



கிளிநொச்சிப் பக்கம் மீள்குடியேறி, வீட்டுப் படலையடியில் சிறுகடை போட்டு முறுக்கு சுட்டு விற்கும் சகோதரி ஒருவர் 2025 தொடக்கத்தில் கணக்குக் கொப்பியோடு என்னிடம் வந்தார். கணவர் இல்லை, படிக்கிற பிள்ளைகள் இருவர். தேங்காய் விலை ஏறியதோடு அவர் வாங்கும் தேங்காயெண்ணெய் போத்தல் 450 ரூபாவிலிருந்து 700 ரூபாவாகியிருந்தது. பஸ் தரிப்பிடத்தடியில் தேநீர்க்கடை நடத்தும் ஒருவர் கிழமைக்கு 50 பக்கற் எடுக்கிறார். இவருடைய விற்பனையில் பாதி அதுதான்.

"எண்ணெய் அரைவாசிக்கு மேல கூடிப்போச்சு அக்கா. 90 ரூபாப் பக்கற்றை 140 ஆக்கினாத்தான் கட்டும். ஆனா அண்ணை நிப்பாட்டிப்போடுவாரோ எண்டு பயமாக் கிடக்கு."

கொப்பியைத் திறந்து பார்த்தோம். மூன்று கிலோ அவித்த கோதுமை மா, ஒரு கிலோ உழுத்தம்மா. சுட்டு முடிய 100 கிராம் பக்கற் 50 வரும். அதற்கு முறுக்கு குடிப்பதும் கடைசியில் கழித்து ஊற்றுவதுமாக இரண்டு போத்தல் எண்ணெய் முடிகிறது. போத்தலுக்கு 250 ரூபா கூடினால் இரண்டுக்கும் 500 ரூபா. அதை 50 பக்கற்றுக்குப் பிரித்தால் ஒரு பக்கற்றுக்கு 10 ரூபா. மா, உழுந்து, எள்ளு, விறகு எல்லாம் பழைய விலைதான். ஆகவே கூட்டவேண்டியது 50 ரூபா அல்ல, 10 ரூபா. 140 என்று கேட்டிருந்தால் அந்த அண்ணை நிப்பாட்டியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விலையைக் கூட்டாமல் பக்கற்றுக்கு இரண்டு முறுக்கைக் குறைக்கலாமா என்றும் கேட்டார். லேபலில் 100 கிராம் என்று ஒட்டிவிட்டு 85 கிராம் போட்டால் அது ஏமாற்று, சட்டப்படியும் குற்றம். எண்ணெயை இன்னும் இரண்டு நாள் வைத்துச் சுடலாமா என்றால், கறுத்து நுரைக்கிற எண்ணெயில் சுட்ட முறுக்கு நாலாம் நாளே காறல் மணம் மணக்கும். வாங்கியவர் ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்தமுறை வாங்கவும் மாட்டார்.

பக்கற்றுகளைப் பொறுப்பெடுப்பது கடையில் நிற்கும் பொடியன். காசு தருவது மாதமுடிவில் முதலாளி. வாயால் சொல்லிவிட்டால் மாதக்கடைசியில் கணக்குப் பிணக்கு வரும். அதனால்தான் கடிதம் எழுதச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல இருவருமாக எழுதியது இது:

"அன்பின் அண்ணாவுக்கு,

மூன்று வருசமாக என்னிடம் முறுக்கு எடுக்கிறீர்கள், நன்றி. நான் வாங்கும் தேங்காயெண்ணெய் போத்தல் 450 ரூபாவிலிருந்து 700 ரூபாவாகிவிட்டது. 50 பக்கற் சுட இரண்டு போத்தல் முடிகிறது. அதனால் எனக்குப் பக்கற்றுக்கு 10 ரூபா கூடச் செலவாகிறது. வருகிற மாதம் முதலாந் திகதியிலிருந்து ஒரு பக்கற்றை 90 ரூபாவுக்குப் பதிலாக 100 ரூபாவுக்குத் தருவேன். கூட்டியது எண்ணெய்க் காசு மட்டுமே. நிறை 100 கிராம்தான், எண்ணெயும் அதே தேங்காயெண்ணெய்தான். இந்த மாதம் தருவதெல்லாம் பழைய விலையே. புதிய பக்கற்றில் விற்பனை விலை 110க்குப் பதிலாக 120 என்று ஒட்டுவேன், உங்களுக்கு வரும் 20 ரூபா குறையாது. எண்ணிக்கையை மாற்றுவதென்றால் 25ஆந் திகதிக்கு முன் சொல்லிவிடுங்கள், அதன்படி மா வாங்குவேன்.

இப்படிக்கு,
தங்கச்சி"

முதலில் அவர் எழுதியிருந்த கடிதத்தில் வீட்டுக் கஷ்டம் முழுவதும் இருந்தது, பிள்ளையின் ரியூசன் காசு உட்பட. அதை எடுத்துவிடச் சொன்னேன். கஷ்டத்தை வாசிப்பவர் இரக்கப்பட்டு ஒரு மாதம் வாங்குவார். கணக்கை வாசிப்பவர் தன் கடைக்குக் கட்டுமா என்று பார்த்து முடிவெடுப்பார். 'எண்ணெய் இறங்கினால் விலையைக் குறைப்பேன்' என்ற வரியையும் யோசித்துவிட்டு விட்டுவிட்டோம். எண்ணெய் இறங்கும்போது உழுந்து ஏறியிருக்கலாம் அல்லவா?

லேபல் விசயத்தைக் கவனிக்கவேண்டும். பக்கற்றில் போட்டிருக்கும் விலைக்கு மேல் கடைக்காரர் விற்கமுடியாது. 110 ஒட்டிய பழைய பக்கற்றை 100 ரூபாவுக்குக் கொடுத்தால் அவருக்கு 10 ரூபாதான் மிஞ்சும். ஆகவே முதலாந் திகதிக்கு முன் பழைய லேபல் எல்லாம் முடியும்படி பார்த்து அச்சடித்தார். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கணக்குக் கொப்பிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்.

அண்ணை கடிதத்தை வாசித்துவிட்டு நிப்பாட்டவில்லை. முதல் மாதம் கிழமைக்கு 40 போதும் என்றாராம். மிச்சம் பத்தையும் சகோதரி தன் படலைக்கடையில் தொங்கவிட்டிருக்கிறார்.